மேலாளர் படிக்கும் ஒரு பக்கம்

ஆன்லைனில் சேலை விற்கும் பெண்கள் முத்ரா கடனுக்காக எழுதிய வியாபாரத் திட்டச் சுருக்கங்கள் சிலவற்றைப் படித்திருக்கிறேன். பல, இணைய வணிகம் நாட்டில் எப்படி வளர்கிறது என்பதில் தொடங்கும். கால் பக்கம் அதிலேயே போய்விடும். கடன் தரும் மேலாளருக்கு நாட்டின் கதை வேண்டாம். இந்தப் பெண்ணின் கையில் மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சும், அதிலிருந்து தவணை வருமா என்பதுதான் அவர் கேள்வி. அந்தப் பதிலை முதல் ஐந்தாறு வரிகளுக்குள் அவர் கண்ணில் படும்படி வைப்பதற்காகத்தான் இந்தச் சுருக்கம்.

கடனைப் பற்றி முதலில் கொஞ்சம். முத்ரா திட்டம் 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கியது. முத்ரா நிறுவனம் நேரடியாக நமக்குக் கடன் தருவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் குறுங்கடன் நிறுவனங்களும் அத்திட்டத்தின் கீழ்க் கொடுக்கின்றன. 50,000 ரூபாய் வரை ‘சிசு’ பிரிவு. சொத்துப் பிணை கேட்பதில்லை. வீட்டிலிருந்து நடக்கும் சிறிய ஆன்லைன் கடைக்கு இது ஏற்ற அளவு. பிணை இல்லாததால்தான் மேலாளர் நம் எண்களை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார். அவருக்குப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் எண்களும் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை. ஆனால் கணக்கு ஓடும் விதம் உங்கள் கடைக்கும் இதுதான். இன்ஸ்டாகிராமில் படம் போடுகிறார், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார், கூரியரில் அனுப்புகிறார். மாதம் 55 ஆர்டர் போகிறது. அதை 80 ஆக்க நினைக்கிறார்.

சேலை 850 ரூபாய்க்கு விற்கிறது. வாங்குவது 520 ரூபாய்க்கு. கேட்டால் ‘சேலைக்கு 330 ரூபாய் லாபம்’ என்று சொல்வார். திட்டம் சறுக்கத் தொடங்குவது இந்த வரியில்தான். கவருக்கும் உள்ளே வைக்கும் அட்டைக்கும் 20 ரூபாய். கூரியர் 70. வாடிக்கையாளர் முன்பணமாகக் கட்டும்போது பணம் வாங்கித் தரும் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கட்டணம் வரியோடு சேர்த்து ஏறத்தாழ 20. விளம்பரச் செலவை ஆர்டர்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 50. எல்லாம் போக நிற்பது 170 ரூபாய். 330 என்று எழுதினால் மேலாளர் அடுத்து கேட்பது ‘கூரியர் யார் தலையில்?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே பதில் இருந்துவிட்டால் கேள்வி எழாது.

பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுக்கும் முறை இன்னொரு கணக்கு. அங்கே கட்டண நிறுவனத்துக்குப் பதிலாகக் கூரியர்காரர் பணம் வசூலிக்க 40 ரூபாய் எடுக்கிறார் என்று கொள்வோம். நிற்பது 150. இதுவும் பரவாயில்லைதான். ஆனால் வாசலில் ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பிவிட்டால்? போன கூரியர் 70, திரும்பிய கூரியர் 70, கவர் 20, விளம்பரம் 50. ஒரு ரூபாய் வராமலே 210 ரூபாய் போய்விட்டது. சேலை திரும்பி வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் இரண்டு மூன்று வாரம் அது வண்டியிலும் கிடங்கிலும் கிடந்திருக்கும். அந்த 520 ரூபாயும் அதனோடு கிடந்திருக்கும்.

80 ஆர்டரில் 50 முன்பணம், 30 கைக்கு வந்தபின் பணம், அதில் 6 திரும்புகிறது என்றால் கணக்கு இப்படி வரும். முன்பண ஆர்டர்களில் 8,500. வீடு சேர்ந்த 24 சேலைகளில் 3,600. திரும்பிய 6 சேலைகளில் 1,260 நட்டம். ஆக 10,840. நெட், போன், சரக்கு எடுக்கப் போய் வரும் செலவு 1,500 கழித்தால் 9,340. வீட்டுச் செலவுக்கு அவர் 5,000 எடுத்துக்கொள்கிறார். மிச்சம் 4,340.

அதே 80 ஆர்டர், அதே விலை. ஆனால் எல்லாமே கைக்கு வந்தபின் பணம், நூற்றுக்கு முப்பது திரும்புகிறது என்று வைத்துப் பாருங்கள். 56 சேலையில் 8,400 வரும், 24 சேலையில் 5,040 போகும். மாதச் செலவு கழித்தால் கையில் 1,860. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு கடையும் ஒரே அளவு பரபரப்பாகத்தான் தெரியும். ஒன்று தவணை கட்டும். மற்றொன்று தவணை கட்டிவிட்டு வீட்டுக்கு வெறுங்கையோடு நிற்கும். ஆகவே ஆன்லைன் கடைக்கான சுருக்கத்தில் திரும்பி வரும் ஆர்டர்களின் எண்ணிக்கையும் அதைக் குறைக்கச் செய்வதும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன். ‘கைக்கு வந்தபின் பணம் என்று கேட்பவர்களிடம் முதலில் 100 ரூபாய் ஜிபே வாங்கிய பிறகே அனுப்புகிறேன், அனுப்பும் முன் போன் செய்து முகவரியை உறுதி செய்கிறேன்’ என்ற இரண்டு வரி போதும். தொழிலை உள்ளே இருந்து தெரிந்தவர் எழுதியது என்று அதிலேயே தெரிந்துவிடும். நிறம் படத்தில் ஒருவிதமாகவும் நேரில் வேறுவிதமாகவும் இருப்பதாலும் சேலை திரும்பும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் மட்டும் போடுகிறேன் என்றால் அதையும் சேர்க்கலாம்.

அடுத்தது, எவ்வளவு கேட்பது. உச்சவரம்பு 50,000 என்பதால் 50,000 என்றே எழுதிவிடுகிறோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்ல வழியிருக்காது. சரக்கு சுற்றி வரும் நாளிலிருந்து தொடங்கினால் எண் தானாக வரும். இந்தப் பெண்ணிடம் வாங்கிய சேலை விற்க ஏறத்தாழ 30 நாள் ஆகிறது. போய்ச் சேர்ந்து, பணம் வங்கிக்கு வர இன்னும் 15 நாள். ஆக ஒரு சேலைக்குப் போட்ட பணம் ஒன்றரை மாதம் கழித்தே திரும்புகிறது. மாதம் 80 விற்க வேண்டுமானால் எப்போதும் 120 சேலைக்கான பணம் சரக்காகவோ வழியிலோ இருக்க வேண்டும். 120 சேலை, ஒன்று 520 என்றால் 62,400 ரூபாய். கையில் 28,000 ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது. பற்றாக்குறை 34,400. முகவரி ஒட்டும் லேபிள் பிரிண்டரும் படம் எடுக்க விளக்கும் 9,600. மொத்தம் 44,000. பிரிண்டருக்கும் விளக்குக்கும் கடைக்காரரிடம் விலைப்பட்டியல் வாங்கி இணைத்துவிட வேண்டும். அந்த 28,000 ரூபாய்ச் சரக்கு அவர் போட்ட சொந்தப் பணம் என்பதையும் சுருக்கத்தில் சொல்ல வேண்டும். கடன் கொடுப்பவருக்கு அது பெரிய ஆறுதல்.

வட்டியை ஒவ்வொரு வங்கியும் தானே நிர்ணயிக்கிறது. ஆண்டுக்கு 12 சதவீதம், 36 மாதம் என்று வைத்தால் தவணை ஏறத்தாழ 1,460 ரூபாய். மிஞ்சுவது 4,340. தவணைபோல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

55 எப்படி 80 ஆகும் என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஆசையைப் பதிலாக எழுதக் கூடாது. மூன்று மாதமாகச் சரக்கு இல்லை என்று திருப்பிய விசாரணைகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் அந்த எண்ணிக்கையே பதில். மாதம் முப்பது பேருக்கு ‘இந்த நிறம் இல்லை’ என்று சொல்லியிருக்கிறார் என்றால், 25 ஆர்டர் கூடும் என்பதை நம்ப இடமிருக்கிறது. நோட்டு இல்லாதவர்கள் 80 என்று எழுதாமல் 65 என்று எழுதுவது நல்லது. கேட்கும் தொகையும் அதற்கேற்பக் குறையும்.

மந்தமான மாதத்தையும் எழுதத்தான் வேண்டும். பலருக்கு இது பயம். தீபாவளி, பொங்கல் மாதங்களில் ஆர்டர் கூடும், பொங்கல் முடிந்ததும் விழும் என்பது சேலை விற்கிறவர்களுக்கு மட்டுமல்ல, வங்கியில் இருப்பவர்களுக்கும் தெரியும். அந்த மாதம் 45 ஆர்டர்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டலாம். 28 முன்பணம், 13 வீடு சேர்ந்தவை, 4 திரும்பியவை. மாதச் செலவு போக 4,370 வருகிறது. தவணை போக 2,910 நிற்கிறது. அதாவது தவணை தவறாது, வீட்டுக்கு எடுப்பதுதான் குறையும். இதை மறைக்காமல் எழுதிவிட்டால் மற்ற எண்களுக்கும் மதிப்பு கூடுகிறது.

இத்தனையும் சேர்ந்து சுருக்கத்தின் முதல் பத்தி இப்படி வரலாம்:

‘சின்னாளப்பட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாக இரண்டு ஆண்டுகளாக விற்று வருகிறேன். கடந்த ஆறு மாதங்களில் மாதம் சராசரியாக 55 ஆர்டர்கள் அனுப்பியிருக்கிறேன். சேலை ஒன்று 850 ரூபாய். எல்லாச் செலவும் போக முன்பண ஆர்டரில் 170 ரூபாய் நிற்கிறது. மாதம் 80 ஆர்டர் அனுப்பத் தேவையான சரக்குக்கு 34,400 ரூபாயும் லேபிள் பிரிண்டர், விளக்குக்கு 9,600 ரூபாயும், ஆக 44,000 ரூபாய் கடன் கேட்கிறேன். என் பங்காக 28,000 ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு 5,000 ரூபாய் எடுத்தது போக மாதம் ஏறத்தாழ 4,340 ரூபாய் மிஞ்சும். அதிலிருந்து 36 மாதத்தில் திருப்பிச் செலுத்துவேன்.’

இதன் கீழே கணக்கு, திரும்பும் ஆர்டர், மந்த மாதம் ஆகிய மூன்றும் வந்தால் பக்கம் நிறைந்துவிடும். வாடிக்கையாளர் யார், போட்டி யார் என்பதற்கு ஒவ்வொரு வரி போதும்.

எண்கள் இவ்வளவு சரியாக இருந்தும் விண்ணப்பம் நிற்பது பெரும்பாலும் வங்கிக் கணக்கு அறிக்கையில்தான். சேலைப் பணமும் அண்ணன் அனுப்பிய பணமும் பள்ளிக் கட்டணமும் ஒரே கணக்கில் கலந்து கிடக்கும். மேலாளர் 55 ஆர்டரைத் தேடுவார், கிடைக்காது. விண்ணப்பிப்பதற்கு ஆறு மாதம் முன்பே தொழிலுக்குத் தனிக் கணக்கு வைப்பது இதற்கு ஒரே வழி. கட்டண நிறுவனமும் கூரியரும் தங்கள் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டுதான் பணம் போடுகின்றன. அதனால் 850 வர வேண்டிய இடத்தில் 830, 740 என்று வரும். ‘வரவுகள் கட்டணம் கழித்து வந்தவை’ என்று சுருக்கத்தில் ஒரு வரி எழுதவில்லையென்றால் விற்பனையைக் கூட்டிச் சொன்னதாகத் தோன்றும்.

உத்யம் பதிவுச் சான்றையும் இணைக்கலாம். ஆதாரைக் கொண்டு இணையத்தில் இலவசமாகப் பதியலாம், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் ஜிஎஸ்டி பதிவுக் கேள்வி எழும். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு, எங்கெல்லாம் விற்கிறீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கடன் தருமுன் வங்கியிலிருந்து யாராவது வீட்டுக்கு வந்து பார்க்கக்கூடும். 28,000 ரூபாய்ச் சரக்கு என்று எழுதியிருந்தால் அலமாரியில் ஐம்பத்து நான்கு சேலை இருக்கிறதா என்று அவர் எண்ணிப் பார்க்கலாம். வழியில் இருப்பவற்றின் கூரியர் ரசீதுகளை அன்று கையெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.