ஏழாம் எண் கம்பெனிக்காக ஆறு மாதம்

ஆகஸ்ட் மாதத்து மத்தியானம் ஒன்றில் என் ஆய்வு மாணவி ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். நான்கே வரி. “தவிர்க்க இயலாத காரணங்களால் ஆய்வேட்டைக் குறித்த காலத்தில் முடிக்க இயலவில்லை. ஓராண்டு அவகாசம் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” முப்பது வருடமாக நான் வாங்கி வைத்திருக்கும் அவகாசக் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த நான்கு வரிதான். பெயரும் தேதியும்தான் மாறும்.

“உட்காருங்கம்மா. தவிர்க்க இயலாத காரணம்னா என்ன?” என்றேன்.

“ஃபீல்டு ஒர்க் இழுத்துடுச்சு, சார்.”

“ஏன் இழுத்துச்சு?”

அதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. கடிதத்தில் இருந்திருக்க வேண்டியது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

அவருடைய தலைப்பு, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்குத் தொழில் கைமாறும் விதம். பன்னிரண்டு கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் நான்கு பேரிடம் பேசுவது என்று திட்டம்: தொடங்கியவர், பொறுப்புக்கு வந்தவர், பொறுப்புக்கு வராமல் போன பிள்ளை, பழைய மேனேஜர் அல்லது கணக்குப்பிள்ளை. காகிதத்தில் பார்த்தால் நாற்பத்தெட்டுப் பேட்டி. ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நானும் கையெழுத்துப் போட்டேன். தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

இந்த விஷயத்தில் அப்பாவையும் மகனையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்டால் கிடைப்பது பேட்டி அல்ல, கல்யாண வீட்டு வரவேற்பு. “எல்லாம் தம்பிதாங்க பாத்துக்கறான், நான் சும்மா வந்து உக்காந்துட்டுப் போறேன்” என்பார் அப்பா. மகன் தலையாட்டுவார். வாசல் வரை வழியனுப்ப வரும்போது அதே மகன், “நூல் வாங்கறதுக்கு இன்னிக்கும் அவரைத்தாங்க கேக்கணும்” என்பார். ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் யாரும் கிடைக்க மாட்டார்கள். சனிக்கிழமை கூலி நாள், அன்றைக்கும் முடியாது. ஒரு கம்பெனிக்கு நான்கு பேட்டி என்றால் எட்டு ஒன்பது நடை.

இன்னொரு சிக்கலும் கூடவே இருந்தது: தொழில் எந்த நாளில் கைமாறியது? வீட்டில் பூஜை போட்டு மகனை நாற்காலியில் உட்காரவைத்த நாளா, பத்திரத்தில் பெயர் ஏறிய நாளா, செக்கில் கையெழுத்து மாறிய நாளா? நாலைந்து பேட்டிக்குப் பிறகு அவருக்கு ஒரு வழி கிடைத்தது. “யாருக்கு அதிகாரம்?” என்று கேட்பதை விட்டுவிட்டு நான்கு காரியங்களைக் கேட்டார். செக்கில் கையெழுத்து யார் போடுவது? நூல் விலை பேசி முடிப்பது யார்? பையரிடம் பேசுவது யார்? பீஸ் ரேட்டை ஏற்றுவது யார்? ஒரு கம்பெனியில் பையர் பேச்சு மகனிடம் வந்து நான்கு வருடம் ஆகியும் செக் புத்தகம் அப்பாவின் அலமாரியில் இருந்தது. ஆய்வின் உயிரே இந்த இடைவெளிதான். ஆனால் இது தெரிந்தபின், முதலில் முடித்த மூன்று கம்பெனிகளுக்கும் திரும்பப் போக வேண்டியதாயிற்று. அதில் இரண்டு மாதம் போனது. இதைக் கடிதத்தில் எழுத அவர் வெட்கப்பட்டார். எனக்கு அதுதான் இருப்பதிலேயே நல்ல காரணமாகப் பட்டது.

முதல் அத்தியாயத்தையும் ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தேன். குடும்பத் தொழில்களில் முப்பது சதவீதம்தான் இரண்டாம் தலைமுறையைத் தாண்டுகிறது என்று, உலகத்துக்கே பொருந்தும் கணக்குபோலத் தொடங்கியிருந்தார். அது ஜான் வார்டு என்பவர் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் இருநூறு உற்பத்தித் தொழில்களை வைத்துச் செய்து 1987இல் புத்தகமாக வந்த ஆய்வு. நல்ல விலைக்கு விற்றுவிட்டு நிம்மதியாகப் போனவரும் அதில் பிழைக்காதவர் கணக்கில்தான் வருவார். அதைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு வரக்கூடாது. அந்தத் திருத்தத்துக்கு மூன்று வாரம்.

மிச்சக் காரணம், கடிதங்களில் ஏழாம் எண் என்று மட்டும் குறிக்கப்பட்ட கம்பெனி.

அது ஒரு கூட்டுத்தொழில். அப்பாவும் இரண்டு மகன்களும் பங்குதாரர்கள். கட்டிக்கொடுத்த மகள் பங்குதாரர் அல்ல. தை மாதம் அப்பாவிடம் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்துவந்தார் மாணவி. மாசியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். உயில் எழுதவில்லை. பிள்ளைகளின் பேட்டி பாக்கி. காரியம் முடிந்ததும் போய் ரிக்கார்டரை நீட்ட முடியுமா?

ஆய்வுக்கோ அந்தக் கம்பெனிதான் முக்கியம். மற்ற இடங்களில் நடந்து முடிந்ததை நினைவுகூர்ந்து சொல்கிறார்கள். இங்கே கண்ணெதிரே நடக்கிறது. 1932ஆம் ஆண்டின் கூட்டுத்தொழில் சட்டப்படி, பத்திரத்தில் வேறு ஏற்பாடு இல்லையென்றால் பங்குதாரர் ஒருவர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். இவர்கள் பத்திரத்தில் மற்றவர்கள் தொடரலாம் என்ற வரி இருந்ததால் தொழில் நிற்கவில்லை. ஆனால் உயில் இல்லாததால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பாவின் பங்குக்கான மதிப்பு மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போக வேண்டும். மகள் இதனால் பங்குதாரர் ஆகிவிட மாட்டார். பங்கின் மதிப்பைக் கேட்கலாம். அதைக் கொடுத்து முடிக்காமல் அண்ணன்கள் தொழிலை நடத்திக்கொண்டிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அந்தப் பணத்தால் வந்த லாபத்தையோ ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டியையோ கேட்க அப்பாவின் வாரிசுகளுக்கு உரிமை உண்டு. இதெல்லாம் அந்த வீட்டில் அப்போது பேசப்பட்டுக்கொண்டிருந்தது. ஒருவேளை, பேசப்படாமலே இருந்தது.

இதுவரை சொன்னபிறகு மாணவி கொஞ்சம் தயங்கினார்.

“டேப்பில் ஒரு விஷயம் இருக்கு, சார். ரெண்டாவது யூனிட்டைப் பொண்ணு பேர்ல வைக்கணும்னு அவர் சொல்லியிருக்கார். பசங்ககிட்ட இன்னும் பேசலைன்னும் சொல்லியிருக்கார்.”

உயில் என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதியவர் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். ஆய்வுக்காகப் பதிவான பேச்சு உயில் ஆகாது. ஆனால் ஒரு குடும்பம் உடைவதற்கு உயில்தான் வேண்டுமென்பதில்லை. ஒவ்வொருவரும் சொல்வதை மற்றவருக்கு, குடும்பத்துக்குள்ளும்கூட, சொல்ல மாட்டேன் என்று எல்லோரிடமும் ஒப்புதல் தாளில் எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர் இவர். அவர் ஆறு மாதமாக அந்தக் கம்பெனிப் பக்கம் போகாததற்கு உண்மையான காரணம் துக்கம் விசாரிக்கும் கூச்சம் அல்ல. இதுதான்.

“இதைக் கடிதத்துல எழுதணுமா, சார்?”

“எழுதக்கூடாது.”

மேற்பார்வையாளருக்கு வரும் கடிதம் அவரோடு நிற்பதில்லை. நகல் அலுவலகக் கோப்புக்குப் போகும், டாக்டோரல் கமிட்டி பார்க்கும், யாரோ ஜெராக்ஸ் எடுப்பார்கள். திருப்பூரில் இத்தனை யூனிட், இத்தனை பிள்ளைகள், இந்த மாதம் இறந்தவர் என்று மூன்று குறிப்புக் கிடைத்தால் கம்பெனி பெயரைச் சொல்லிவிடுவார்கள். எனவே, “ஏழாம் எண் நிறுவனத்தில் ஒரு மரணம் நிகழ்ந்ததால் மூன்று பேட்டிகள் நிற்கின்றன” என்பதோடு நிறுத்தச் சொன்னேன். மீதியை நேரில் சொன்னதாக இருக்கட்டும். (இங்கே நான் எழுதும்போதும் அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.)

அடுத்தது, எவ்வளவு காலம். ஓராண்டு என்று கேட்டிருந்தார். ஏன் ஓராண்டு என்றால், கேட்டால் பாதியாவது கிடைக்கும் என்ற சந்தை வழக்கம்தான். கையில் இருப்பதை எண்ணச் சொன்னேன். எட்டு கம்பெனி முழுதாக முடிந்தது. இரண்டு பேர் பாதியில் வேண்டாமென்று விலகிவிட்டார்கள். மிச்சம் ஏழாம் எண்ணில் மூன்று பேட்டி, பதினொன்றாம் எண்ணில் இரண்டு. பதிவு செய்து எழுதாமல் கிடப்பது பதினான்கு மணி நேரம், வரப்போவது ஓர் ஆறு மணி நேரம். கொங்குப் பேச்சை ஒரு மணி நேரப் பதிவிலிருந்து எழுத்தாக்க அவருக்கு ஆறு மணி நேரம் ஆகிறது. இருபது மணி நேரப் பதிவு, நூற்றிருபது மணி நேர வேலை. நாளுக்கு நான்கு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு மாதம். இரண்டு கம்பெனிகளையும் தனித்தனியாக எழுத ஒரு மாதம். பத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் ஐந்தாம் அத்தியாயத்துக்கு இரண்டு மாதம். கடைசியாக ஒரு மாதம் நான் படிக்கவும் அவர் திருத்தவும். இந்தக் கடைசி மாதத்தை எந்த மாணவரும் கணக்கில் சேர்ப்பதில்லை, மேற்பார்வையாளர் ராத்திரியோடு ராத்திரியாகப் படித்துவிடுவார் என்று நினைப்பு. ஆக ஐந்து மாதம். ஏழாம் எண் வீட்டாருக்காகக் காத்திருக்க ஒன்று. செப்டம்பர் 30 என்பது மார்ச் 31 ஆகிறது.

இந்த ஆறு மாதத்தை நானே தர முடியும், கமிட்டிக்குத் தெரிவித்தால் போதும். யூஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிப்படி பிஎச்.டி.க்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு. அதைத் தாண்டினால் மறுபதிவு செய்து இரண்டு ஆண்டு வரை பெறலாம், பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு தர இடமுண்டு. அதெல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில். இவர் நான்காம் ஆண்டில் இருந்ததால் அந்தக் கதவைத் தட்ட வேண்டியதில்லை. ஆனால் அவர் ஜேஆர்எஃப் உதவித்தொகையில் படிப்பவர், அது ஐந்து ஆண்டோடு நின்றுவிடும். கேட்ட ஓராண்டைக் கொடுத்திருந்தால் கடைசி மாதங்களில் அறை வாடகைக்கு வழி இருந்திருக்காது.

இரண்டு நாள் கழித்து வந்த கடிதம் ஒரு பக்கம். நடுவில் இப்படி இருந்தது:

“ஏழாம் எண் நிறுவனத்தின் பேட்டிகள் ஜனவரி 31க்குள் கிடைக்காவிட்டால், அதைத் தவிர்த்து ஒன்பது நிறுவனங்களோடு ஆய்வை முடித்துக்கொள்கிறேன். நான்காம் அத்தியாயத்தை நவம்பர் 30 அன்று தருகிறேன். தாமதத்தில் இரண்டு மாதம், கேள்விகளை மாற்றியதால் பழைய நிறுவனங்களுக்குத் திரும்பச் சென்றதால் ஏற்பட்டது.”

‘பணிவுடன்’ ஒரே இடத்தில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மார்கழியில் ஏழாம் எண்ணின் சின்ன மகன் தானாகவே போன் செய்திருக்கிறார். “ஏனுங்க, அப்பா அன்னிக்கு உங்ககிட்ட என்னென்ன சொன்னாருங்க?” மாணவி ஒப்புதல் தாளை எடுத்து அந்த ஒரு வரியை அவருக்கு வாசித்துக் காட்டினாராம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பவர் டேபிள் ஓடுவது மட்டும் கேட்டதாம்.

“அப்ப நான் சொல்றதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க?”

“மாட்டேனுங்க.”

“பொங்கல் கழிச்சு வாங்க.”