மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பள்ளி

இடைநிற்றல் பற்றிப் பேச மேடையேறுபவர்கள் 'வறுமை' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள். குடும்பம், பொருளாதாரம், பள்ளி மூன்றையும் பிரித்துப் பார்க்கச் சரியான கேள்விகள் வேண்டும். அதற்குப் பீகார் நல்ல பாடம்.

அங்கே 2006-இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்க அரசு பணம் கொடுத்தது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இதை ஆராய்ந்தார்கள். முதல் கேள்வி: அதே ஊர்ப் பையன்கள் என்ன ஆனார்கள்? சைக்கிள் கிடைக்காத அவர்களோடும், திட்டமே இல்லாத பக்கத்து ஜார்க்கண்டோடும் ஒப்பிட்ட பிறகும் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்திருந்தது.

அடுத்த கேள்விதான் முக்கியம்: எந்த ஊர்களில் உயர்ந்தது? பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி 3 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளியிருந்த ஊர்களில். பணம் மட்டுமே காரணமென்றால் பள்ளிக்குப் பக்கத்து ஊர்களிலும் அதே அளவு உயர்ந்திருக்க வேண்டும். ஆக, "பெண்ணை அனுப்ப வீட்டில் மனமில்லை" என்று நாம் எழுதிக்கொள்ளும் பதிலுக்குள் தூரமும் வழித்துணை இல்லாத அச்சமும் ஒளிந்திருக்கின்றன. பெற்றோரை மட்டும் குறை சொல்வது அநியாயம்.

சைக்கிள் எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பெண்கள் 18 சதவீதம் கூடினார்கள். தேறியவர்கள் 12 சதவீதம்தான். அங்கிருந்து கேள்வியை வகுப்பறைக்குள் கொண்டுபோக வேண்டும்: உள்ளே வந்த பெண்ணுக்கு என்ன கற்றுக்கொடுத்தார்கள்?