சனிக்கிழமை வாசிப்பு வகுப்பு: ரொறன்ரோப் பெற்றோருக்கு ஓர் அழைப்பு

உங்கள் பிள்ளை அம்மம்மாவோடு தொலைபேசியில் தமிழில் கதைக்கும். சாப்பாட்டு மேசையில் நீங்கள் சொல்வது முழுக்க விளங்கும். ஆனால் மிளகாய்த்தூள் பைக்கற்றைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் உங்கள் முகத்தைப் பார்க்கும். எங்கள் சனிக்கிழமை வகுப்பு இந்தப் பிள்ளைகளுக்கானது.

"நெடுங்கணக்கு முழுக்கச் சொல்லுவாள்" என்று பல பெற்றோர் சொல்வார்கள். வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு தாளில் 'கீ' என்று மட்டும் எழுதிக் காட்டுங்கள். பிள்ளை க, கா, கி என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்து கீயில் நின்றால், ஓசையின் வரிசைதான் மனத்தில் பதிந்திருக்கிறது. எழுத்து இன்னும் கண்ணில் பதியவில்லை. 247 எழுத்தையும் அட்டவணையாகப் பாடமாக்கினால் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

அதனால் நாங்கள் அகரத்தில் தொடங்குவதில்லை. ட, ப, ம, க, ர, ல ஆகிய ஆறு எழுத்துகளையும் மெய்யின் புள்ளியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். இவ்வளவை வைத்தே படம், மரம், பல், கல், கடல், பட்டம், பக்கம், கப்பல் எல்லாம் எழுதலாம். எல்லாம் பிள்ளைக்குக் காதால் தெரிந்த சொற்கள். முதல் நாளே எழுத்துக்கூட்டி ஒரு முழுச் சொல்லை வாசித்துவிடும்.

காது எவ்வளவு உதவுகிறது என்பதை 'பகல்' என்ற சொல்லில் பார்க்கலாம். 'கப்பல்' என்பதில் வரும் அதே க இங்கே மென்மையாக ஒலிக்கிறது. பிள்ளை முதலில் அழுத்தமான ககரத்தோடுதான் வாசிக்கும். உடனே திருத்தாமல் கொஞ்சம் பொறுத்தால், தான் சொன்னது சரியில்லை என்று அதன் காதே சொல்லும், தானாகத் திருத்திக்கொள்ளும். அப்படித் திருத்திக்கொண்ட பிள்ளைக்கு விதி எதையும் விளக்கத் தேவையில்லை. தமிழ்ச் சொல்லுக்கு மேலே ஆங்கில எழுத்தில் உச்சரிப்பை எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்பதும் இதனால்தான். எழுதினால் கண் அந்த ஆங்கில எழுத்துக்கே போகும், தமிழ் எழுத்தைப் பார்க்காது.

பெரிய தடங்கல் கொம்பு வரும் இடத்தில். பள்ளியில் இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒலித்துப் பழகிய பிள்ளைக்கு 'கொடி' என்பதில் முதலில் தெரிவது கொம்பு. அதற்கு ஒலி கொடுக்கத் தெரியாமல் தடுமாறும். பிறகு க, அதை அடுத்து நிற்கும் அரவை ரகரம் என்று எண்ணி 'கெரடி' என்று வாசிக்கும். கவனக்குறைவு என்று இதைக் கண்டிக்கக் கூடாது. அரவும் ரகரமும் பார்வைக்கு அவ்வளவு நெருக்கம். நாங்கள் பிள்ளையின் கையில் சிவப்புப் பென்சிலைக் கொடுத்து, நடுவிலுள்ள மெய்யை முதலில் வட்டமிடச் சொல்கிறோம். அதன்பின் இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன என்று பார்க்க வேண்டும். சில வாரங்களில் வட்டம் தேவைப்படாது.

எழுத்தெல்லாம் சரியாக வாசித்தும் பொருள் புரியாமல் நிற்கும் கட்டம் ஒன்று உண்டு. 'நான் கடைக்குப் போகிறேன்' என்று பிழையில்லாமல் வாசித்துவிட்டு, "போகிறேன் எண்டால் என்ன?" என்று கேட்கும். வீட்டில் அது கேட்டது 'போறன்'. ஆகவே பிள்ளை சொல்கிறபடியே 'நான் கடைக்குப் போறன்' என்று மேலே எழுதி, புத்தக வடிவத்தைக் கீழே எழுதுகிறோம். இரண்டையும் வாசித்துப் பழகியபின் மேல்வரியை எடுத்துவிடுவோம். பேச்சுத் தமிழை எழுதிக் காட்டுவது பிழை என்று சில பெற்றோர் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் அக்கறை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் விளங்காத வசனத்தோடு தொடங்கிய பிள்ளை அடுத்த பக்கத்தைத் திருப்பாது என்பதால், இந்த முறையை நான் விடமாட்டேன்.

வீட்டில் தமிழே கேட்காத பிள்ளைக்கு இந்த வழி அப்படியே பொருந்தாது. 'பகல்' என்ற சொல்லையே கேட்டிராத காது எதைத் திருத்தும்? அந்தப் பிள்ளைகளுக்குக் கதை கேட்பதும் பேசுவதும் முதலில்; எழுத்து அதற்குப் பிறகுதான். சேர்க்கும்போதே இதை எங்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

கிழமையில் ஒரு நாள் வகுப்பு மட்டும் போதாது. மற்ற நாட்களில் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து, அன்றைய தாளை வாசிக்கக் கேளுங்கள். ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டு உதவுங்கள்.

முதல் சனிக்கிழமை வரும்போது, உங்கள் பிள்ளை வீட்டில் அடிக்கடி சொல்லும் பத்துத் தமிழ்ச் சொற்களை எழுதிக் கொண்டுவாருங்கள். அதன் முதல் வாசிப்புத் தாளை அவற்றிலிருந்துதான் தயாரிப்போம். முதல் ஒரு மணி நேரம் நீங்களும் வகுப்பில் பின்வரிசையில் இருக்கலாம்.