அடைமொழிக்கு மார்க் இல்லை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் ஆள் எடுப்பது என் வேலை. மெர்ச்சன்டைசர் வேண்டும் என்று விளம்பரம் போட்டால் ரெஸ்யூம்கள் கட்டாக வந்து சேரும். பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. 'எக்ஸலண்ட் கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்', 'குட் டீம் பிளேயர்' என்ற இரண்டு வரியும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். பிரவுசிங் சென்டரில் ஒரே ஃபைலைத் திறந்து, பெயரையும் படிப்பையும் மட்டும் மாற்றி பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரெஸ்யூம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கோபம் எனக்கு என் மேல்தான் வந்தது. முன்பு வேலை பார்த்த கம்பெனியில், சரளமாக ஆங்கிலம் எழுதிய ஒருவரை 'கம்யூனிகேஷன் பிரமாதம்' என்று குறிப்பு எழுதி நானே எடுத்தேன். ஒரு ஆர்டரில் சாயம் லாட்டுக்கு லாட் மாறி வந்தது. அது அவருக்கு முதல் நாளே தெரியும். பையரிடம் சொல்லப் பயந்து, பேக்கிங் முடிந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும்வரை வாயைத் திறக்கவில்லை. கப்பல் போனது. சரக்கை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டியதாயிற்று. அழகாக மெயில் எழுதத் தெரிந்தவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரியவில்லை. நான் மார்க் போட்டது வேறு எதற்கோ.

அதற்குப் பிறகுதான் ஒன்றைத் திருத்திக்கொண்டேன். ரெஸ்யூமைக் கையில் எடுப்பதற்கு முன், இந்த வேலையில் 'கம்யூனிகேஷன்' என்றால் என்ன செய்வது என்று எழுதி வைத்துக்கொள்கிறேன். அதை நானாக யோசித்து எழுதுவதும் இல்லை. ஜான் ஃப்ளானகன் என்ற அமெரிக்க உளவியலாளர் இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளைப் பற்றி ஆராய்ந்து, 1954-இல் ஒரு முறையை எழுதி வெளியிட்டார். ஒருவர் எப்படிப்பட்டவர் என்று கேட்காதே, வேலை நன்றாக நடந்த சம்பவம் ஒன்றும் கெட்டுப்போன சம்பவம் ஒன்றும் சொல்லச் சொல்லு, அப்போது அவர் செய்தது என்ன என்று கேள் என்பதுதான் அதன் சாரம். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர், கட்டிங் மாஸ்டர், சீனியர் மெர்ச்சன்டைசர் மூவரிடமும் அப்படியே கேட்டேன். வந்த சம்பவங்களை அடுக்கிப் பார்த்தபோது பேச்சு வன்மை எதிலும் இல்லை. கெட்ட செய்தியை, முடிவெடுக்க வேண்டியவரிடம், இன்னும் சரிசெய்ய நேரம் இருக்கும்போதே, முழுசாகச் சொல்வது. மெர்ச்சன்டைசருக்குக் கம்யூனிகேஷன் என்றால் அதுதான். டீம்வொர்க் என்றால், தன் கைக்கு வராத வேலையை, நிட்டிங்காரரோ சாயப்பட்டறைக்காரரோ செய்து முடிக்க, தன் பக்கத்தில் ஒன்றை மாற்றிக்கொள்வது.

இப்போது படிக்கும் விதம். பென்சிலால் அடைமொழிகளை எல்லாம் அடித்துவிடுகிறேன். சிறந்த, திறமையான, கடின உழைப்பாளி, எல்லாம் போகும். சில ரெஸ்யூம்களில் அதன் பிறகு படிப்பும் முகவரியும்தான் மிஞ்சும். மிஞ்சிய வரிகளில் வினைச்சொல்லைத் தேடி அடிக்கோடு போடுகிறேன். பிறகு 0 முதல் 3 வரை மார்க். அந்தத் திறமை தேவைப்படும் இடத்தில் இருந்தார் என்பது மட்டும் தெரிந்தால் 1. அங்கே அவர் தானே செய்த ஒரு காரியம் சொல்லப்பட்டிருந்தால் 2. அந்தக் காரியத்தால் என்ன ஆனது என்பதும், வேறொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கிற அளவுக்கு விவரமும் இருந்தால் 3. எதுவுமே இல்லை என்றால் 0. இந்த 0-வுக்கு 'சான்று இல்லை' என்றுதான் பொருள், 'திறமை இல்லை' என்று அல்ல. இந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன்.

போன முறை வந்த இரண்டு ரெஸ்யூம்களைப் பாருங்கள். முதலாவதில் மூன்று பையர்களைக் கையாண்டதாகவும், 12 பேர் கொண்ட குழுவை வழிநடத்தியதாகவும், உற்பத்தித் திறனை 40 சதவீதம் உயர்த்தியதாகவும் இருந்தது. ஆங்கிலம் சுத்தம். இரண்டாவது தப்பும் தவறுமான ஆங்கிலம். ஒரு இடத்தில் இப்படி இருந்தது, தமிழில் சொல்கிறேன்: 'பாடித் துணிக்கும் கழுத்து ரிப்புக்கும் ஷேடு வித்தியாசம் இருந்தது. கட்டிங்கை நிறுத்தச் சொல்லி, இரண்டு துண்டையும் அன்றே பையிங் ஆபீஸில் காட்டி, ரிப்பை மட்டும் மறுசாயம் போட 3 நாள் கேட்டு வாங்கினேன். அந்த 3 நாளில் கட்டிங் டேபிளுக்கு அடுத்த ஸ்டைலைக் கொடுத்தோம். ஷிப்மென்ட் தேதி மாறவில்லை.'

துணி தெரிந்தவர்களுக்கு இதில் எவ்வளவு இருக்கிறது என்று புரியும். டி-ஷர்ட்டின் உடம்புத் துணியும் கழுத்துப் பட்டை ரிப்பும் வெவ்வேறு பின்னல். ஒரே சாயம் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும் என்று சொல்ல முடியாது. வெட்டுவதற்கு முன் கண்டுபிடித்தால் மறுசாயம் போடலாம், வெட்டித் தைத்த பிறகு தெரிந்தால் சரக்கே போச்சு. யாரிடம் சொன்னார் என்று இருக்கிறது, எப்போது என்று இருக்கிறது, வெறும் புகாராக இல்லாமல் எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டதும் இருக்கிறது. கம்யூனிகேஷனுக்கு யோசிக்காமல் 3 போட்டேன்.

என்னோடு மார்க் போடுகிறவர் எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். ஒருவர் மார்க்கை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாகப் போட்டு, கடைசியில் ஒப்பிடுவோம். முதல் ரெஸ்யூமின் டீம்வொர்க்குக்கு நான் 3 போட்டிருந்தேன், அவர் 1.

"அதெப்படிங்க மேடம் 3 வரும்? பன்னெண்டு பேருக்கு மேல இருந்தாருன்னுதானுங்க எழுதியிருக்கு. அவங்களோட சேர்ந்து என்ன செஞ்சாருன்னு ஒரு வரி இல்லீங்களே."

"40 சதவீதம் கூடியிருக்கேண்ணா?"

"எதுல இருந்துங்க 40? ஒரு லைன்லயா, ஃபேக்டரி முழுக்கவா? புது மெஷின் வாங்கிப் போட்டாலும் கூடுமுங்க."

அவர் சொன்னது சரி. பதவியை நான் செயலாக எடுத்துக்கொண்டுவிட்டேன். 12 பேருக்குத் தலைவராக இருப்பது டீம்வொர்க் தேவைப்படும் இடம், அவ்வளவுதான். எண்ணும் அப்படியே. எங்கிருந்து எங்கே, எத்தனை நாளில் என்று சொல்லாத சதவீதம் அடைமொழிதான், இலக்கத்தில் எழுதிய அடைமொழி. 3-ஐ அடித்து 1 ஆக்கினேன். எங்கள் மார்க்குகளுக்குள் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரெஸ்யூமை மீண்டும் திறந்து, எந்த வரியை வைத்துப் போட்டாய் என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். காட்ட வரி இல்லாதவர் மார்க்கை இறக்கிக்கொள்ள வேண்டும்.

இதை விடப் பெரிய சறுக்கல் ஒன்று உண்டு. 1920-இல் எட்வர்ட் தார்ன்டைக் ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழ் இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை அலசினார். தோற்றம், அறிவு, தலைமை, குணம் என்று தனித்தனியாகத்தான் மார்க் கேட்டிருந்தார்கள். ஆனால் ஒன்றில் அதிகம் வாங்கியவர் மற்றவற்றிலும் அதிகம் வாங்கியிருந்தார், நம்ப முடியாத அளவுக்கு. ஒரு நல்ல அபிப்பிராயம் ஒளிவட்டம் மாதிரி எல்லாவற்றின் மேலும் விழுந்துவிடுகிறது. ரெஸ்யூமில் இது இன்னும் மோசம், ஏனென்றால் நம் முன்னால் இருப்பது எழுத்து மட்டும்தான். அதனால் ஒரே ரெஸ்யூமுக்கு எல்லா மார்க்கையும் ஒரே மூச்சில் போடுவதில்லை. எல்லா ரெஸ்யூமிலும் முதலில் கம்யூனிகேஷன் மட்டும். காலையில் அதை முடித்துவிட்டு, மதியம் வரிசையைக் கலைத்து டீம்வொர்க். ஒரு வரியை இரண்டு திறமைக்கும் சான்றாகக் காட்டக் கூடாது. ஷேடு சம்பவத்தில் பையிங் ஆபீஸில் பேசியது கம்யூனிகேஷனுக்குப் போனது. டேபிள் சும்மா நிற்காமல் அடுத்த ஸ்டைலைக் கொடுத்த வரி டீம்வொர்க்குக்கு வந்தது. ஆனால் அதில் 'கொடுத்தோம்' என்று இருக்கிறதே தவிர அவர் பங்கு என்ன என்று இல்லை. 2-தான் போட முடிந்தது.

முறை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு சோதனை உண்டு. எல்லாம் முடிந்ததும் இரண்டு பத்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒன்றில் 3 வாங்கிய எல்லோரும் மற்றதிலும் 3, 0 வாங்கியவர்கள் எல்லோரும் 0 என்று வந்தால், நாங்கள் இரண்டு திறமைகளை அளக்கவில்லை. ரெஸ்யூம் எழுதும் திறமையைத்தான் இரண்டு முறை அளந்திருக்கிறோம்.

இனி அந்த 0. லைனில் டெய்லராக இருந்து செக்கிங் சூப்பர்வைசராக உயர்ந்த ஒரு பெண்ணின் ரெஸ்யூம் அரைப் பக்கம்தான் இருக்கும். கம்பெனிப் பெயர்களும் வருடங்களும் தவிர அதில் ஒன்றும் இராது. தான் தினமும் செய்வது எழுதத்தக்க விஷயம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பத்து வருடம் ஒரு லைனைச் சண்டை சச்சரவு இல்லாமல் ஓட்டியவருக்கு 0 போட்டு ஓரம் கட்டினால் அநியாயம். சான்றைப் பார்த்து மார்க் போடும் முறை அடைமொழியை நம்பும் முறையை விட நேர்மையானது என்று நம்புகிறேன். ஆனால் சான்றை எழுதத் தெரிந்தவர்களுக்கு அது சலுகை காட்டும் என்பதை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

வழியும் இருக்கிறது. 1984-இல் லியேட்டா ஹஃப் என்ற உளவியலாளர், அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்றின் வழக்கறிஞர்களை மதிப்பிட்டபோது அவர்களே எழுதி அனுப்பியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு திறமைக்கும் ஒரு தலைப்புக் கொடுத்து, அதில் நீங்கள் செய்த ஒன்றை எழுதுங்கள், சாட்சி சொல்லக்கூடியவர் பெயரையும் தாருங்கள் என்று கேட்டார். அந்த மார்க் அவர்கள் வேலையில் எப்படி இருந்தார்கள் என்பதோடு பொருந்தி வந்தது. கல்லூரி மதிப்பெண்ணோடு அதற்குப் பெரிய சம்பந்தம் இல்லை.

அதைப் பார்த்து நானும் விண்ணப்பத்தோடு ஒரு தாள் வைக்க ஆரம்பித்தேன். இரண்டே கேள்வி. 'வேலையில் ஒரு தப்பை நீங்கள் கண்டுபிடித்து மேலே சொன்ன சம்பவம் ஒன்று: யாரிடம், எப்போது, பிறகு என்ன ஆனது?' 'வேறொருவர் வேலை முடிய நீங்கள் உங்கள் வேலையில் எதை மாற்றினீர்கள்?' தமிழில் எழுதலாம், சொன்னால் நாங்களே எழுதிக்கொள்வோம். அடியில் சாட்சிக்கு ஒரு பெயர், ஒரு போன் நம்பர்.

செக்கிங் சூப்பர்வைசர் வேலைக்கு வந்த ஒரு அம்மா, ரெஸ்யூமில் இரண்டுக்கும் 0, இரண்டாவது கேள்விக்குப் பென்சிலில் எழுதியிருந்தார். அயர்னிங் ஆட்கள் குறைவாக வந்த வாரத்தில், செக் செய்த பீஸ்களை சைஸ் கலந்து கட்டாமல், சைஸ் வாரியாகப் பிரித்துக் கட்டி அனுப்பும்படி தன் டேபிளை மாற்றினாராம். அயர்னிங்கில் பிரிக்கும் நேரம் மிச்சம். சாட்சியாகக் கொடுத்திருந்தவருக்குப் போன் செய்து, அந்த அம்மா உங்களோடு வேலை பார்த்தாரா என்று மட்டும் கேட்டேன்.

"எங்க அயர்னிங் செக்‌ஷனுக்கு சைஸ் பிரிச்சுக் கட்டி அனுப்புவாங்களே, அந்த அக்காதானுங்களா?" என்றார் அவர்.