இரண்டு முறையும் 19.7, இரண்டும் தவறு

பிளஸ் டூ வேதியியல் செய்முறை வகுப்பில் டைட்ரேஷன் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரே கவலைதான்: கன்கார்டன்ட் வேல்யூ வர வேண்டும். 19.7, மறுபடியும் 19.7 என்று வந்துவிட்டால் நிம்மதியாகக் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் உண்மையில் இறங்கிய திரவம் 20.0 மி.லி.யாக இருக்கலாம். இரண்டு அளவும் ஒத்துப்போவதை வைத்து இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு முறையும் கண் ஒரே இடத்தில் நின்று அதே பிழையைச் செய்திருக்கும்.

பியூரெட்டில் உள்ள திரவத்தின் மேற்பரப்பு தட்டையாக இருப்பதில்லை. தண்ணீர் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு ஓரங்களில் மேலேறுவதால் நடுப்பகுதி பள்ளமாகிறது. பாடநூல் இதைப் பிறைத்தளம் என்கிறது. ஓரத்துக்கும் அடிக்கும் ஏறக்குறைய 2 மி.மீ. வித்தியாசம் இருக்கும். 50 மி.லி. பியூரெட்டில் ஒரு மி.லி.க்கான இடைவெளியே 11 மி.மீ. அளவுதான் என்பதால், அந்த 2 மி.மீ. கிட்டத்தட்ட 0.2 மி.லி. நிறமில்லாத திரவமென்றால் பிறையின் அடியைத்தான் வாசிக்க வேண்டும். குழாயில் கோடு போட்டதே அந்த அடியை வைத்துத்தான்.

சிக்கல் இங்கே ஆரம்பிக்கிறது. பிறையின் அடி இருப்பது குழாயின் நடுவில். கோடுகள் இருப்பதோ நம் பக்கத்துச் சுவரில். இரண்டுக்கும் நடுவே அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் உண்டு. கண் மேலே இருந்தால், சாய்வாக இறங்கும் பார்வை சுவரைப் பிறையின் அடியைவிட உயரமான இடத்தில் கடக்கும். அங்கே இருக்கும் கோடுதான் அளவாகத் தோன்றும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் நேர்மாறு. இதுதான் இடமாறு தோற்றப் பிழை.

பியூரெட்டில் இன்னொரு சங்கதி, பூஜ்யம் உச்சியில் இருக்கிறது. கீழே போகப் போக எண் கூடும். எனவே மேலிருந்து பார்ப்பவர் உண்மையைவிடக் குறைத்தும், கீழிருந்து பார்ப்பவர் கூட்டியும் வாசிப்பார்.

0 கோட்டுக்கும் 20 கோட்டுக்கும் இடையே ஒரு சாண் தூரம். ஒரு மாணவியின் கண் இரண்டுக்கும் நடுவே, 10-ஆம் கோட்டுக்கு நேராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கிறாள். தொடக்கத்தில் அண்ணாந்து பார்த்து, திரவத்தைச் சரியாக 0.0-க்குக் கொண்டுவந்ததாக நினைக்கிறாள். உண்மையில் அது கோட்டுக்கு 0.15 மி.லி. மேலே நிற்கிறது. நிறம் மாறியதும் திரவம் இறங்கி நிற்பது 19.85-இல், குனிந்து பார்க்கிற கண்ணுக்கு அது 19.7. நோட்டில் 19.7 ஏறுகிறது. இறங்கியதோ 0.15-ம் 19.85-ம் சேர்ந்து 20.0. கழித்தால் பிழை அடிபட்டுப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு தடவையும் ஒரே கோணத்தில் பார்த்தால்தான் அப்படி ஆகும். இங்கே ஒன்று மேல்நோக்கு, மற்றது கீழ்நோக்கு. இரண்டும் ஒரே திசையில் கூடி ஒன்றரை சதவீதம் ஆகிவிட்டன.

கண் சரியான மட்டத்தில் இருக்கிறதா என்று குழாயே சொல்லும். பல பியூரெட்டுகளில் முழு மி.லி. கோடுகள் குழாயைச் சுற்றி வளையமாக ஓடும். பிறைக்குப் பக்கத்திலுள்ள வளையத்தின் முன்பாதியும் பின்பாதியும் ஒரே கோடாகத் தெரிந்தால் மட்டம் சரி. நீள்வட்டமாகத் தெரிந்தால் தலையை ஏற்றியோ இறக்கியோ பார்க்க வேண்டும். வளையம் இல்லாத குழாயில் ஒரு காகிதப் பட்டையை நேராகச் சுற்றி, அதன் மேல் விளிம்பைப் பார்த்தால் போதும். பூஜ்யம் தலைக்கு மேலே போனால் பியூரெட்டைப் பிடியோடு சேர்த்து இறக்கிக்கொள்ளலாம். பிறையின் அடி மங்கலாக இருந்தால், பாதி கறுப்பு பூசிய வெள்ளை அட்டையைப் பின்னால் பிடித்து, கறுப்பின் விளிம்பைப் பிறைக்கு ஒரு மி.மீ. கீழே நிறுத்துங்கள், அடி கருங்கோடாகத் துலங்கும்.

பெர்மாங்கனேட்டுக்கு மட்டும் வேறு வழக்கம். அடர்ந்த ஊதா நிறத்தில் பிறையின் அடி தெரியாது. மேல் விளிம்பைத்தான் வாசிப்பார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் மேல் விளிம்பையே எடுத்தால் அந்த 2 மி.மீ. கழித்தலில் போய்விடும். ஒன்றில் மேலும் மற்றதில் அடியுமாக எடுத்தால் 0.2 மி.லி. போச்சு.

அளவு ஜாடியில் பூஜ்யம் அடியில் இருப்பதால் பிழையின் திசை மாறுகிறது: மேலிருந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும், அதனால் குறைவாக ஊற்றிவிடுவோம். கழித்துப் பார்க்க இரண்டாவது அளவும் கிடையாது. ஜாடி அகலமானது என்பதால் பிழையும் பெரிது. அதே சாய்வில் பார்த்தால் 100 மி.லி. ஜாடியில் 2 மி.லி.க்கு மேல் போய்விடும். அதைக் கையில் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடிப்பதும் உதவாது, ஜாடி சாய்ந்துவிடும். மேசைமேல் வைத்துவிட்டு நாம்தான் குனிய வேண்டும்.