கணினி சொன்னது 16, காகிதம் சொன்னது 64

வாய்க்காலின் குறுக்கே 12 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் ஓர் இரும்பு நடைபாலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் நிற்கும் டிரஸ்கள்தாம் பாரத்தைச் சுமக்கும். 1844-இல் காப்புரிமை பெற்ற பிராட் வகை டிரஸையே எடுத்துக்கொள்ளலாம். உயரம் 1.5 மீட்டர், தலா 2 மீட்டரில் ஆறு கட்டங்கள். சாய்சட்டம் ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் வரும்.

நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 500 கிலோ எடை. பாலத்தின் சொந்த எடைக்கு இன்னும் 1. இதில் பாதி ஒரு டிரஸுக்கு. கீழ்ச்சட்டத்தின் ஐந்து உள் இணைப்புகளில் தலா 12 கிலோநியூட்டனும், இரு முனைகளில் தலா 6-ம் இறங்கும். மொத்தம் 72. தாங்கிக்கு 36.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உருவான Ftool இலவச மென்பொருள். டிரஸை வரைந்து, எல்லா இணைப்புகளையும் கீல்களாக்கி, கீழ்ச்சட்டம் முழுவதற்கும் ஒரே பருமன் கொடுத்து, பாரங்களை ஏற்றினால் நொடியில் விடை வரும். தாங்கிகளில் 36, 36 என்று சரியாகவே காட்டுகிறது. ஆனால் நடுக் கட்டங்களின் கீழ்ச்சட்டத்தில் இழுவிசை 16 மட்டுமே. மற்றக் கட்டங்களில் இழுவிசையே இல்லை, 8 கிலோநியூட்டன் அமுக்கவிசை இருக்கிறது.

இனிக் காகிதத்தில் பார்ப்போம். மூன்றாவது கட்டத்தை நெடுக்காக வெட்டியதாக நினைத்து, இடப்பக்கத் துண்டை மட்டும் கவனியுங்கள். முனையிலிருந்து 4 மீட்டரில் உள்ள மேல் இணைப்பில் மேல்சட்டமும் சாய்சட்டமும் சேர்வதால், அந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் இரண்டும் கணக்கிலிருந்து விலகிவிடும். முனையில் நிகரமாக மேல்நோக்கி 30, நான்கு மீட்டர் தொலைவுக்கு 120. இரண்டு மீட்டர் தள்ளியுள்ள 12-க்கு 24 கழித்தால் 96. உயரமான 1.5-ஆல் வகுத்தால் கீழ்ச்சட்டத்தில் 64 இழுவிசை.

16-க்கும் 64-க்கும் இடையே உள்ள 48 எங்கே போனது? இரண்டு தாங்கிகளையும் கிடையாக அசையாதபடி பூட்டியிருக்கிறோம். கீழ்ச்சட்டம் நீள வழியில்லாததால், அதன் இழுவிசையில் 48-ஐக் கரைச்சுவர்கள் சுமப்பதாக மென்பொருள் எடுத்துக்கொண்டது. கொடுத்த மாதிரிக்கு அந்த விடை சரி. களத்தில் ஒரு முனை நீள்துளை போல்ட்டில் நகரும் என்றால் மாதிரியே தவறு. செங்குத்துக் கணக்கு மட்டும் பார்த்தவருக்கு இது தெரியாது. கிடைத்திசை எதிர்விசையையும் பார்க்க வேண்டும், அது சுழியமாக இருக்க வேண்டும்.

ஒரு தாங்கியை ரோலராக மாற்றினால் கீழ்ச்சட்டம் முனையில் 40, நடுவில் 64 என்று வரும். நடு மேல்சட்டத்தில் 72 அமுக்கம், முனைச் சாய்சட்டத்தில் 50 அமுக்கம். காகிதமும் இவற்றையே சொல்லும்.

இந்த ஒப்பீடு விசைகளை மட்டுமே உறுதிசெய்கிறது. மேலே குறுக்குப் பிணைப்பு இல்லாத இந்தப் பாலத்தில் 72 சுமக்கும் மேல்சட்டம் பக்கவாட்டில் வளையுமா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். தட்டையாக வரைந்த மாதிரி அதைக் காட்டாது.