பழைய பிளேஸ்டேஷனிலிருந்து புதியதற்கு: நடுவே ஒரு லேன் கேபிள்

பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர் பிளேஸ்டேஷன் 5 வாங்கினால், பழைய ஆட்டங்களை இணையத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான பி.எஸ்.4 ஆட்டங்கள் புதிய கன்சோலிலும் ஓடும். ஆனால் நாம் எந்தக் கட்டம் வரை ஆடி முடித்தோம் என்ற பதிவு, அதாவது சேவ் ஃபைல், பழைய கன்சோலில்தான் கிடக்கும். அதை மேகச் சேமிப்பு வழியாகக் கொண்டுவர பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். லேன் கேபிளுக்குச் சந்தா தேவையில்லை. ஆட்டம், சேவ் இரண்டையும் அது ஒரே வழியில் கொண்டுவந்துவிடும்.

வேகத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு. 2013இல் வந்த முதல் பி.எஸ்.4இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே இருக்கிறது. அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசலில் அது விநாடிக்கு 5 மெகாபைட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 ஜிபி ஆட்டங்கள் வந்து சேர ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். அதே கன்சோலின் பின்னால் உள்ள லேன் போர்ட் கிகாபிட் வேகம் கொண்டது. அதன் உச்சம் விநாடிக்கு 125 மெகாபைட். பி.எஸ்.4இன் ஹார்ட் டிஸ்க் அவ்வளவு வேகமாகப் படித்துக் கொடுக்காது என்பதால் பாதியளவு, 60 மெகாபைட் என்றே கணக்கிடுவோம். அப்போதும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

கேபிளின் ஒரு முனையைப் பழைய கன்சோலிலும் மறுமுனையைப் புதியதிலும் செருகினால் போதும். இதற்கென்று கிராஸ்ஓவர் கேபிள் தேட வேண்டாம்; கிகாபிட் போர்ட்டுகள் அதைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். இரண்டையும் வீட்டின் ஒரே வைஃபையில் இணைத்து, ஒரே கணக்கில் உள்நுழைந்து, இரண்டின் சிஸ்டம் மென்பொருளையும் புதுப்பித்துவிடுங்கள். ரவுட்டரில் இரண்டு கேபிள் செருகியும் செய்யலாம்தான். ஆனால் பல விலை குறைந்த ரவுட்டர்களின் போர்ட்டுகள் 100 மெகாபிட்டைத் தாண்டாதவை. அதனால் நேரடி இணைப்பையே நான் பரிந்துரைப்பேன்.

பி.எஸ்.5ஐ முதன்முறை அமைக்கும்போதே பழைய தரவைக் கொண்டுவரவா என்று கேட்கும். அப்போது விட்டுவிட்டால் `Settings`, `System`, `System Software`, `Data Transfer` என்ற வரிசையில் போகலாம். புதியது பழையதைத் தேடிக் கண்டுபிடித்ததும், பி.எஸ்.4இன் பவர் பட்டனை அழுத்தச் சொல்லும். ஒரு விநாடி அழுத்திப் பிடித்து, பீப் ஒலி கேட்டதும் விரலை எடுத்துவிடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் கன்சோல் அணைந்துவிடும்.

அடுத்து சேவ்களின் பட்டியலும் ஆட்டங்களின் பட்டியலும் வரும். சேவ்கள் அனைத்தையும் தேர்ந்தெடுங்கள். அவை பெரிதாக இடம் பிடிக்காது. ஆட்டங்களில் மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதல் பி.எஸ்.5இல் நமக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய 667 ஜிபிதான். ஓர் ஆட்டத்தின் பி.எஸ்.5 பதிப்பு உங்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது என்றால், பழைய பதிப்பைச் சுமந்துவந்து பயனில்லை. ஆனால் பி.எஸ்.4 சேவைப் பி.எஸ்.5 பதிப்பு தானாக எடுத்துக்கொள்ளாது. சில ஆட்டங்களின் மெனுவில் அதை மாற்றும் வசதி உண்டு, சிலவற்றில் இல்லை. டிஸ்க்கில் வாங்கிய ஆட்டத்தை நகலெடுத்தாலும் ஆடும்போது டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன் வாங்கியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்து முடித்ததும் எவ்வளவு நேரம் ஆகும் என்ற மதிப்பீடு திரையில் வரும். அதை அவசியம் படியுங்கள். 300 ஜிபிக்கு ஏழு மணி நேரம் என்று காட்டினால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். கிகாபிட் வேகத்துக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம்; அப்போது விநாடிக்குச் சுமார் 12 மெகாபைட்தான் போகும். இப்படி இறங்கும்போது இணைப்பு முற்றிலும் துண்டிக்கப்படாததால் பழுது எளிதில் கண்ணில் படாது. வேறொரு கேபிளை, கேட் 5இ அல்லது கேட் 6 வகையை, மாற்றிப் பாருங்கள். நாள் முழுவதும் ஆகும் என்று காட்டினால், தரவு கேபிளை விட்டு வைஃபையில் போகிறது என்று பொருள். முனைகள் சரியாகச் செருகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சேவ் ஒவ்வொரு கணக்குக்கும் தனி. அண்ணனும் தங்கையும் ஒரே பி.எஸ்.4இல் ஆடியிருந்தால், அண்ணனின் கணக்கில் மாற்றியபோது தங்கையின் சேவ்கள் வந்திருக்காது. அவளும் தன் கணக்கில் உள்நுழைந்து இன்னொரு முறை செய்ய வேண்டும். மாற்றிய பிறகும் பழைய கன்சோலில் எதுவும் அழிவதில்லை. அதனால் அதை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ நினைத்தால், இரு கணக்கிலும் முக்கியமான ஆட்டங்களைப் புதியதில் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே `Initialize PS4` கொடுங்கள்.